ஒரு நாளைக்கு ஒரு கேண்டில்

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போயிருந்தபோது சித்தப்பா என்னைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டு, சித்தி ஏறி வருகிறாளா என்று படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். 2023. அவர் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது. நோட்டில் தேதி, பங்கு, வாங்கிய விலை, விற்ற விலை, லாபம், நஷ்டம் என்று கட்டம் போட்டு, சிவப்பு மையில் கூட்டல் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் ‘முன் பக்கத் தொகை’ கொண்டுவரப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த தொகை 68,000 ரூபாய் நஷ்டம். ஏழு மாதத்தில், 412 டிரேடுகள்.

தொகையை விட அந்த 412தான் எனக்குத் திக்கென்றது.

இதை விலாவாரியாக எழுதக் காரணம் உண்டு. அடுத்த ஒன்றேகால் வருஷம் அவர் என்ன செய்தார் என்பதற்கு எழுத்துப்பூர்வமான கணக்கு இருக்கிறது. மார்க்கெட்டில் சம்பாதித்தேன், விட்டேன் என்று பேசுபவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம்கூட இப்படி ஒரு நோட்டு இருக்காது. பங்குகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம், இது சிபாரிசு அல்ல.

முதலில் அந்த ஏழு மாதம். தமிழ்நாட்டில் ஓய்வு வயதை 2020இல் 59 ஆக்கி, 2021இல் 60 ஆக்கியதில் சித்தப்பாவுக்கு இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்து, 2022 மே கடைசியில் மாலை போட்டு அனுப்பினார்கள். பணிக்கொடைப் பணத்தில் பெரும்பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார், அதில் எந்தத் தவறும் இல்லை. மிச்சத்தில் கொஞ்சத்தை டிமேட் கணக்கில் ஏற்றினார். காலையில் ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறந்தால் மூன்றரை வரைக்கும் ஃபோனில் ஐந்து நிமிட சார்ட். அன்றே வாங்கி அன்றே விற்கிற இன்ட்ராடே. 20,000 ரூபாய் இருந்தால் ஒரு லட்சத்துக்கு வாங்கலாம் என்கிற மார்ஜின் வேறு.

ஒரு நாள் சந்தை நேரம் 375 நிமிடம். சார்ட்டில் ஐந்து நிமிட விலை ஏற்ற இறக்கத்தை ஒரு மெழுகுவர்த்தி வடிவில் காட்டுவதுதான் கேண்டில், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 75. ஒவ்வொன்றும் முடியும்போது ‘வாங்கவா, விற்கவா, சும்மா இருக்கவா’ என்று ஒரு கேள்வி. ஆபீஸில் ஒரு நாளைக்கு 75 தபால் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரைக் கேட்டேன். “லீவு போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவேம்ல” என்றார்.

அந்த நோட்டில் ஒன்றுக்கு மட்டும் தனிக் கட்டம் இல்லை, நஷ்டத்துக்குள்ளேயே கலந்து கிடந்தது. செலவு. புரோக்கரின் காண்ட்ராக்ட் நோட்டுகளை ஃபோனில் இறக்கி இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினோம். ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கி விற்றால் தரகு 20 மற்றும் 20, விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 25, அப்புறம் எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை என்று ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 83 ரூபாய் போனது. 412 சுற்றுக்குக் கிட்டத்தட்ட 34,000. அதாவது நஷ்டத்தில் ஏறக்குறைய பாதி சந்தை எடுத்ததே இல்லை, போக வர பஸ் சார்ஜ் மாதிரி போனது. தனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று அவர் கூனிக் குறுகிப் போயிருந்தார். அப்படி இல்லை என்று அடுத்த வருஷம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே ஒரு ஆய்வு வெளியிட்டுச் சொன்னது: 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம், வருஷத்துக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் பத்துக்கு எட்டு பேர். சித்தப்பா போன வேகத்துக்கு ஒரு வருஷம் முழுக்க ஓட்டியிருந்தால் 700 தாண்டியிருக்கும்.

விட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. சரி, விடமாட்டீர்கள் என்றால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேண்டில் மட்டும் பாருங்கள், அதையும் கையால் வரைந்து பாருங்கள் என்றேன். கையால் வரையச் சொன்னது எரிச்சலில் சொன்னது, ஒத்துக்கொள்கிறேன். அவர் மறுநாளே கடைக்குப் போய் கிராஃப் தாள் வாங்கி வந்துவிட்டார்.

நாள் சார்ட்டில் ஒரு கேண்டிலுக்கு நான்கு எண்கள்தான் தேவை: திறந்த விலை, அதிகபட்சம், குறைந்தபட்சம், முடிந்த விலை. திறந்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில் உடம்பு, மேலும் கீழும் திரி. மில்லிமீட்டர் கட்டத் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று அளவு வைத்து, விலை ஏறி முடிந்த நாளுக்குப் பச்சை, இறங்கி முடிந்த நாளுக்குச் சிவப்பு. ஸ்கேலை வைத்துத் திரியை இழுத்து, உடம்பைக் கட்டம் கட்டி, உள்ளே மையை மெல்ல நிரப்புவார். ஒரு பங்குக்கு இரண்டு நிமிடம் ஆகும். எட்டுப் பங்குகளைத்தான் கவனித்துவந்தார், அவ்வளவுதான். கீழே தனியாக வால்யூமுக்கு, அதாவது அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கைக்கு, ஒரு பட்டை.

முதல் வாரமே ஒரு சந்தேகம். மூன்றரைக்கு ஃபோனில் பார்த்து எழுதிக்கொண்ட விலையும் சாயந்திரம் வரும் முடிவு விலையும் ஒன்றாக இல்லை, அம்பது பைசா, ஒரு ரூபாய் என்று உதைக்கிறது. ஆபீஸில் கணக்கு உதைத்தால் அதைக் கண்டுபிடிக்காமல் பூட்டுப் போடமாட்டார்கள், அந்தப் பழக்கம். எனக்கு ஃபோன். விஷயம் இதுதான்: திரையில் எல்டிபி என்று ஓடுவது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் அப்போது முடிவு விலை என்று பதிவானது மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை நடந்த வியாபாரங்களின், அளவுக்கேற்ற சராசரி. கடைசி நொடியில் யாரோ ஒருவர் பத்துப் பங்கை ஏதோ ஒரு விலைக்கு விற்றதால் அந்த நாளின் முடிவு மாறிவிடாது. இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்பம் மூணரைக்குப் பாக்கதும் சரியில்ல, அஞ்சு மணிக்குப் பாத்தாப் போதும்” என்று தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். அவருடைய முதல் விதி இப்படி ஒரு ஐம்பது பைசா உதைத்ததில் வந்தது.

ஆனால் விதி வைத்துவிட்டால் மனசு கேட்டுவிடுமா. நவம்பரில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஃபோன், “ஏல, பெருசா பச்சைல போகுதுடே.” 218இல் திறந்த பங்கு அப்போது 231. நாள் சார்ட்டில்தான் பார்க்கிறேன், ஐந்து நிமிடம் இல்லை என்று எனக்குச் சமாதானம் வேறு. 230க்கு வாங்கிவிட்டார். அன்று அதிகபட்சம் 233, முடிவு 219. பதினோரு மணிக்குத் தடித்த பச்சை உடம்பாக இருந்தது, சாயந்திரம் கிராஃப் தாளில் ஒரு மில்லிமீட்டர் உடம்பும் அதன் தலையில் 14 மில்லிமீட்டர் திரியுமாக நின்றது. மறுநாள் 214க்கு வெளியே வந்தார். நாள் சார்ட்டுக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். நாள் நடுவில் தெரிகிற நாள் கேண்டில் நாள் கேண்டிலே இல்லை, தாசில்தார் கையெழுத்துப் போடாத உத்தரவு மாதிரி. அன்று ராத்திரி வரைந்த அந்த நீளத் திரியைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘பகல் 11 மணி’ என்று எழுதி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு தன் பதிவேடு ஆரம்பித்தார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு உதவியாளரும் தனக்கு வந்த தபால்களைப் பதிந்து, எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிவருகிற பதிவேடு. ஆபீஸ் கோப்புக்குப் போடுவது போல ஒவ்வொரு பங்குக்கும் ந.க. எண் போட்டார். தினமும் ஒரு வரி. பெரும்பாலான வரிகள் ‘நடவடிக்கை இல்லை’. இரண்டு வரிக்கு மேல் எழுதத் தோன்றினால் அன்று ஆர்டர் போடுவதில்லை என்று ஒரு உபவிதியும் இருந்தது. எதற்காம் என்று கேட்டேன். நீளமாகக் குறிப்பு எழுதுகிறவன் ஏதோ ஒன்றுக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறான் என்று அர்த்தம் என்றார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ்.

இனி ந.க. 3/2024. இந்த ஒன்றை முழுசாகச் சொல்கிறேன்.

தண்ணீர் பம்ப் தயாரிக்கிற ஒரு நிறுவனம். 2023 நவம்பர் தொடக்கத்திலிருந்து ஒன்பது வாரமாக 412க்கும் 446க்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது. தாளில் பார்த்தால் ஒரு செவ்வகப் பெட்டி. இப்படி நெடுநாள் ஒரே இடத்தில் அடங்கிக் கிடந்த பங்கு மேல் மூடியை உடைத்து முடிந்தால், 446க்கு விற்கக் காத்திருந்தவர்கள் எல்லாம் விற்றுத் தீர்த்துவிட்டார்கள் என்று ஒரு ஊகம். ஊகம்தான், நியதி இல்லை. பெட்டியை உடைத்துவிட்டு மறுபடி உள்ளேயே விழுகிற பங்குகள் ஏராளம்.

ஜனவரி முதல் வாரம் ஒரு நாள் 449 வரை போய் 441இல் முடிந்தது. பதிவேட்டில் ‘நடவடிக்கை இல்லை’. ஒரு வாரம் கழித்து 452இல் முடிந்தது. மூடி உடைந்துவிட்டது, எனக்கே ஆசை வந்தது. சித்தப்பா வால்யூம் பட்டையைக் காட்டினார், கடந்த இருபது நாள் சராசரியை விடக் குட்டையாக இருந்தது. கூட்டமே வராமல் கதவு மட்டும் திறந்திருக்கிறது என்றார். மறுநாள் 438. மூன்றாவது முறை, ஜனவரி கடைசியில், 457இல் முடிந்தது, வால்யூம் சராசரியைப் போல் இரண்டரை மடங்கு. அன்று ராத்திரி முடிவெடுத்து மறுநாள் காலை 460க்கு வாங்கினார்.

எத்தனை பங்கு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பழைய சித்தப்பாவாக இருந்தால் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கும் வாங்கியிருப்பார். இப்போது கணக்கைத் தலைகீழாகப் போட்டார். இந்தப் பங்கு எந்த விலைக்கு வந்தால் என் ஊகம் தப்பு? கடைசியாக இறங்கி நின்ற இடம் 436, அதற்குக் கீழே 434. வாங்கிய விலைக்கும் அதற்கும் 26 ரூபாய் இடைவெளி. மொத்த முதல் மூன்று லட்சம், ஒரு டிரேடில் அதில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, 3,000. மூவாயிரத்தை 26ஆல் வகுத்தால் 115 பங்கு. 52,900 ரூபாய். விலை 434க்கு இறங்கினால் நஷ்டத்தோடு நிறுத்தி விற்றுவிடச் சொல்லும் ஸ்டாப் லாஸுக்கு ஜிடிடி ஆர்டர் போட்டார். ஒவ்வொரு நாளும் புதிதாகப் போட வேண்டியதில்லை, விலை வந்து தொடும்வரை புரோக்கரிடம் கிடக்கும்.

எட்டு நாளில் 492. சித்தியிடம்கூடச் சொல்லிவிட்டார். அப்புறம் மூன்று வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. 480, 471, 463, 455. ஒரு நாள் குறைந்தபட்சம் 449. கையில் 3,600 ரூபாய் லாபம் இருந்தது காணாமல் போய், வாங்கிய விலைக்குக் கீழே வந்துவிட்டது. அந்த மூன்று வாரமும் தினம் சாயந்திரம் ஃபோன் வரும். விற்றுவிடவா என்று நேராகக் கேட்கமாட்டார், மழை உண்டா அங்கே, பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி என்று சுற்றி வந்து, கடைசியில் “இன்னைக்கும் சிவப்பு” என்பார். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. பழைய மூடி 446தான் இப்போது தரையாக நிற்க வேண்டும், நிற்குமா நிற்காதா என்று எந்த சார்ட்டும் முன்கூட்டிச் சொல்லாது. நின்றால் இருப்பது, 434 வந்தால் போவது, இதற்கு நடுவில் செய்வதற்கு வேலையே கிடையாது. அந்த வேலையில்லாத மூன்று வாரத்தை எப்படிக் கழித்தார் என்று பிற்பாடு சித்தியிடம் கேட்டேன். பரணில் கிடந்த பழைய ரேடியோவை இறக்கிப் பிரித்து, திரும்பப் பூட்டத் தெரியாமல் வைத்திருக்கிறார் என்றாள்.

449இலிருந்து திரும்பியது. மார்ச் நடுவில் 474, மே கடைசியில் 560ஐ ஒட்டி. இதற்குள் வெளியேறுவதற்கு ஒரு விதி வைத்திருந்தார்: கடைசி 50 நாள் முடிவு விலைகளின் சராசரிக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு நாள் முடிந்தால் மூன்றாம் நாள் காலையில் விற்பது. ஒரு நாள் என்று வைத்தால் ஒரு செய்திக்குப் பதறி வெளியே வந்து மறுநாள் பெருமூச்சு விட வேண்டியிருக்கும், அதனால் இரண்டு. ஜிடிடியையும் படிப்படியாக ஏற்றி 488இல் வைத்திருந்தார். சராசரியையும் கையால்தான் போடுவார். அம்பது எண்ணைத் தினம் கூட்டவேண்டியதில்லை, இன்றைய முடிவு விலையிலிருந்து அம்பது நாளுக்கு முன்னால் வரிசையிலிருந்து விலகுகிற விலையைக் கழித்து, 50ஆல் வகுத்து, நேற்றைய சராசரியோடு சேர்த்தால் முடிந்தது.

ஜூன் 4, 2024. தேர்தல் முடிவு நாள். முந்தின நாள் கருத்துக்கணிப்பை நம்பி, ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டி 23,263இல் முடிந்திருந்தது, அன்று ஒரே நாளில் ஆறு சதவீதம் விழுந்து 21,884இல் முடிந்தது. நான் ஆபீஸில் வேலையே பார்க்கவில்லை. சித்தப்பாவின் பம்ப் பங்கு முந்தின நாள் 558, மதியம் 497. ஸ்டாப்புக்கு ஒன்பது ரூபாய்தான் பாக்கி. நான்தான் ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், சித்தி எடுத்து, டிவியில் எலெக்‌ஷன் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஃபோன் பூஜை ரூமில் கிடக்கிறது என்றாள்.

அன்று 524இல் முடிந்தது. சாயந்திரம் கணக்குப் போட்டபோது வரிசையிலிருந்து விலகியது மார்ச்சின் 474. வித்தியாசம் 50, ஐம்பதால் வகுத்தால் ஒரு ரூபாய். 510ஆக இருந்த சராசரி 511 ஆனது. பங்கு 34 ரூபாய் விழுந்த நாளில் சராசரி ஒரு ரூபாய் ஏறியிருக்கிறது! திரும்பத் திரும்பச் சரிபார்த்தார், தப்பில்லை. 524 என்பது 511க்கு மேலே. பதிவேட்டில் ‘நடவடிக்கை இல்லை’. அந்த வாரம் முடிவதற்குள் நிஃப்டி விழுந்ததையெல்லாம் திரும்ப எடுத்துவிட்டது, பங்கும்.

அன்று விழுந்த பங்குகள் எல்லாமே இப்படி எழுந்துவிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அன்று அவர் சும்மா இருந்தது சரியாக அமைந்தது, 21,884 மறுநாள் 20,500 ஆகியிருந்தால் 488இல் வெளியேற்றப்பட்டிருப்பார், அதுவும் 488 கிடைத்திருந்தால். கிடைக்காது என்பதற்கும் அவர் நோட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

ந.க. 6/2024. 310க்கு 166 பங்கு, ஸ்டாப் 292. திட்டமிட்ட நஷ்டம் 2,988. ஒரு நாள் சந்தை முடிந்தபிறகு கம்பெனியின் காலாண்டு முடிவு மோசமாக வந்தது. மறுநாள் காலை பங்கு 274இல் திறந்தது. ஜிடிடி தூண்டப்பட்டது, ஆனால் அவர் போட்டிருந்தது 290க்குக் குறையாமல் விற்கச் சொல்லும் லிமிட் ஆர்டர், 274இல் ஓடுகிற பங்கை யார் 290க்கு வாங்குவார்? ஆர்டர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ரேஷன் கடையிலிருந்து ஒன்பது நாற்பதுக்கு வந்து பார்த்தவர் அதை ரத்து செய்து 273க்கு விற்றார். 6,142 போனது, திட்டத்தைப் போல இரண்டு மடங்கு. நாள் சார்ட்டின் பலவீனம் இதுதான்: சாயந்திரம் மூன்றரைக்கும் காலை ஒன்பதேகாலுக்கும் நடுவில் என்ன நடந்தாலும் நாம் உள்ளே மாட்டிக்கொண்டிருப்போம், ஸ்டாப் லாஸ் என்பது கோரிக்கை மனு, உத்தரவாதம் இல்லை. அதற்குப் பிறகு காலாண்டு முடிவு தேதிகளைப் பதிவேட்டில் முன்கூட்டியே குறித்துவைத்து, லாபத்தில் இல்லாத பங்காக இருந்தால் முந்தின நாள் பாதியை விற்றுவிடுவார்.

மறுபடி பம்புக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் 668. நிஃப்டியும் அப்போதுதான் 26,000 தாண்டி உச்சத்தில். அக்டோபர் 3, வியாழன், சந்தை இரண்டு சதவீதம் விழுந்தது. பங்கு 614, சராசரி 619. முதல் நாள். வெள்ளி 607. இரண்டாம் நாள்.

சனிக்கிழமை நானே ஒரு சிக்கலைக் கிளப்பினேன். ஜனவரி கடைசியில் வாங்கியது, இன்னும் நாலு மாதம் பொறுத்தால் ஒரு வருஷம் ஆகிவிடும், நீண்டகால லாபத்தில் 1,25,000 வரை வரியே இல்லை, இப்போது விற்றால் ஜூலை 23க்குப் பிறகு வந்த புதிய விகிதப்படி 20 சதவீதம், மூவாயிரத்துச் சொச்சம் போகும் என்றேன். இத்தனை நாள் பொறுத்தவர் இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன. அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

“இத்தன நாளு அந்தக் கோடு சொன்னதால இருந்தேன். இப்பம் அது போன்னு சொல்லுது. இனிமே இருந்தா அது வேற கணக்கு.”

திங்கள் காலை 601இல் திறந்தது, 603க்குக் கொடுத்தார். பங்குக்கு 143, மொத்தம் 16,445. எஸ்டிடி இரண்டு பக்கமும் சேர்த்து 122 ரூபாய். வாங்கியதிலிருந்து சுமார் 170 சந்தை நாட்கள், அதில் அவர் உண்மையில் கை வைத்தது ஆறே நாள்: வாங்கியது, ஸ்டாப்பை நான்கு முறை ஏற்றியது, விற்றது. அடுத்த ஜனவரி கடைசியில் அந்தப் பங்கு 545இல் இருந்தது. வரியைக் கழித்தாலும் அவருக்கு நின்றது 13,000, என் யோசனையைக் கேட்டிருந்தால் 9,775. இந்தக் கணக்கை அவர் போடவில்லை, நான்தான் போட்டுப் பார்த்து என்னிடமே வைத்துக்கொண்டேன்.

ஆனால் இதை வைத்து இந்த முறை ஜெயிக்கிற முறை என்று யாராவது கிளம்பினால் அதற்கு நான் பொறுப்பில்லை. 2023 நவம்பர் முதல் 2024 அக்டோபர் வரை மொத்தம் 11 டிரேடு, ஐந்தில் லாபம், ஆறில் நஷ்டம், எல்லாம் போக வரிக்கு முன் கையில் சுமார் 14,000. மூன்று லட்சத்தை அவருடைய சேமிப்புத் திட்டத்திலேயே போட்டிருந்தால் 8.2 சதவீத வட்டியில் 24,600 வந்திருக்கும். ஒன்றுமே செய்யாமல் ஒரு நிஃப்டி ஃபண்டில் போட்டிருந்தால் அதே ஒரு வருஷத்தில் 19,079இலிருந்து 24,205, கிட்டத்தட்ட 27 சதவீதம், எண்பதாயிரம் ரூபாய். ஏறுகிற சந்தையில் பாதிப் பணத்துக்கு மேல் வேலையில்லாமல் கிடந்தது, அதன் விலை இது. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “முந்தின வருஷம் ஏழு மாசத்துல அறுவத்தெட்டு போச்சுல்லா, அத எங்க எழுதுவ?” என்றார். நாலாவது வரியாக எழுதினேன். மறு மாதமே மூன்று லட்சத்தில் இரண்டை நிஃப்டி ஃபண்டுக்கு மாற்றிவிட்டார், மிச்சம் ஒரு லட்சத்துக்குத்தான் இப்போது கிராஃப் தாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாடியில் தரையில் தாள்களைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் கவனித்துவரும் ஒரு பங்கு போனஸ் கொடுத்திருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று. 800இல் இருந்தது காலையில் 400 சொச்சத்தில் திறந்திருக்கிறது. நஷ்டம் ஒன்றுமில்லை, பங்கு இரண்டு மடங்காகும், விலை பாதியாகும். ஃபோனில் உள்ள சார்ட் பழைய விலைகளையும் தானாகவே பாதியாக்கிவிடும், அதனால் பள்ளம் தெரியாது. கிராஃப் தாளுக்கு அதெல்லாம் தெரியாதே. மூன்று மாதமாக ஒவ்வொன்றாக வரைந்த கேண்டில்களுக்குப் பக்கத்தில், தாளின் அடியில், ஒரு அடிக்குமேல் கீழே, இன்றைய கேண்டில் தனியாகத் தொங்குகிறது.

ஃபோனிலேயே பாருங்களேன் சித்தப்பா, எதற்கு இந்தப் பாடு என்றேன். அவர் அறுபது நாள் விலைகளையும் பாதியாக்கி ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தார். புதுத் தாளின் இடதுபக்கத்தில் அளவு குறித்து, முதல் திரியை இழுத்தார்.

“பச்சப் பேனா தீரப் போகுது. கீழ போகையில ரெண்டு வாங்கிட்டு வா.”